கரிசல் மண் வீட்டில் கோடையில் விரிந்து மழையில் மூடும் விரிசல்

"அரூர் பக்கம் கரிசல் மண்ணில் தரைத்தள வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. மாசி பிறந்தால் ஒரு மூலைச் சன்னலிலிருந்து சாய்வாக விரிசல் விடுகிறது; ஐப்பசி மழையில் மூடிக்கொள்கிறது. மேஸ்திரி இரண்டு தடவை சிமென்ட் வைத்து அடைத்தும் பக்கத்திலேயே புதிதாக விரிகிறது. அந்த மூலையிலிருந்து பத்தடியில் பழைய வேப்பமரம் நிற்கிறது. மரத்தை வெட்டினால் சரியாகுமா? ஒட்டி ஓர் அறை கட்டலாமா?"

மரத்தை இப்போதைக்கு வெட்டாதீர்கள். ஏன் என்பதற்கு மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டது அது. ஏடுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. அங்கே இருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் தண்ணீரை இழுக்கின்றன. தண்ணீர் உள்ளே போகப் போக ஏடுகள் விலகி மண் உப்புகிறது; காய்ந்தால் ஏடுகள் நெருங்கி மண் சுருங்குகிறது. நம் பக்கத்துச் செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அதன் ஏடுகள் இறுகப் பிணைந்தவை, தண்ணீர் இடையே நுழையாது. அதனால்தான் அதே மழை, அதே வெயிலில் செம்மண் வீடு அசையாமல் நிற்கிறது.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கடக்கால் ஆழத்து மண்ணை நன்றாகக் காயவைத்து, இடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஒரே அளவுள்ள, மில்லி கோடு போட்ட இரண்டு உயரமான குவளைகளில் பத்துப் பத்து கிராம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெய் ஏடுகளுக்குள் நுழையாது, அதனால் அதில் மண் உப்பாது. மண்ணெண்ணெயில் படிந்த மண் 11 மில்லி, தண்ணீரில் 20 மில்லி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 9 மில்லி. அதை 11-ஆல் வகுத்தால் சுமார் 82 சதவீதம். 50 தாண்டினாலே கவனம் வேண்டும். 100 தாண்டினால் சாதாரணக் கடக்கால் போதாது. முறையான ஆய்வகச் சோதனையும் இதே தத்துவம்தான்.

இந்தியக் கரிசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஈரம் மாறும் ஆழம் பொதுவாக மூன்றரை மீட்டர் வரை, அதாவது சுமார் பதினோரு அடி. வழக்கமாக நாம் போடும் நாலடிக் கடக்கால் முழுக்க அசையும் மண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதோடு தரைத்தள வீடு எடை குறைவு, மண் உப்பும்போது அதை அமுக்கி வைக்க முடியாது. வீட்டின் நடுவே தரை மூடியிருப்பதால் ஈரம் அதிகம் மாறாது. ஓரத்து மண் கோடையில் காய்ந்து இறங்குகிறது, உங்கள் மூலையில் வேப்ப வேர் இன்னும் கூடுதலாக உறிஞ்சுகிறது. மூலை இறங்கும்போது சுவர் எங்கே பலவீனமோ, அதாவது சன்னல் மூலையில், சாய்வாகப் பிளக்கிறது. விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் மூலை இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிமென்ட் ஏன் நிற்கவில்லை? கோடையில் விரிசல் அகலமாக இருக்கும்போது அடைத்தால், மழையில் மண் உப்பி மூலை எழும்பும்போது சுவர் மூடிக்கொள்ள இடம் இல்லை. கெட்டியான சிமென்ட் தடுக்கிறது, பக்கத்தில் புதிதாக வெடிக்கிறது. முதலில் மண்ணின் ஈரத்தை நிலைநிறுத்த வேண்டும், விரிசலுக்கு வைத்தியம் அதற்கப்புறம்.

வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்குக் கரிசலை ஓரடி வெட்டி எடுத்துக் கிராவல் போட்டுக் குத்துங்கள். அதன்மேல் தடித்த பாலித்தீன் தாள், அதன்மேல் வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட். சுவரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தைத் தார் வைத்து அடைக்க வேண்டும். இதை மழை முடிந்து மண் ஓரளவு ஆறிய மார்கழி, தையில் செய்யுங்கள். வெடித்துக் கிடக்கும் சித்திரையில் மூடினால், பிறகு அடியில் மெல்ல ஈரம் ஏறி மண் உப்பும். மொட்டைமாடித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் நிற்கக்கூடாது. அடுப்படித் தண்ணீரைச் சுவரோர வாழைக்கு விடும் பழக்கம் இருந்தால் வாழையைத் தள்ளி வையுங்கள்.

மரம் வீட்டுக்கு முன்பே இருந்தது என்றால், அது காயவைத்த மண்ணின் மேல்தான் வீடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரேயடியாக வெட்டினால் அந்த மண் சில வருஷம் தொடர்ந்து ஈரம் ஏறி மூலையைத் தூக்கும். கிளைகளை ஆண்டுதோறும் அளவாகக் கழித்து வந்தால் நீர் உறிஞ்சுவது குறையும்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, மாதம் ஒருமுறை அகலத்தைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு வருஷம் அசைவு அடங்கியிருந்தால், விரிசலை வெட்டி அகலப்படுத்தி, இழுபடும் பாலிசல்ஃபைடு பசையால் அடைக்கலாம். விரிசல் அகலம் 5 மில்லிமீட்டர் தாண்டினாலோ கதவு பிடித்தாலோ கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

புதிய அறையைப் பழைய சுவரோடு இணைக்காதீர்கள். இடைவெளி விட்டு, தனிக் கடக்காலில் நிற்கட்டும். மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழ் போல விரியும் கான்கிரீட் தூணான அண்டர்-ரீம்டு பைல்தான் இதற்குச் சரியான வழி. ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்காகவே இதைப் பரவலாக்கியது. குமிழின் விட்டம் தண்டைப் போல இரண்டரை மடங்கு, ஆழம் மூன்றரை மீட்டருக்குக் குறையக்கூடாது. மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். அதை மண் போட்டு நிரப்பிவிட்டால் உப்பும் மண் பீமையே தூக்கும்.