வணிகத் திட்டத்தில் மதிப்பெண் குறைவது எங்கே?

தொழில்முனைவுப் பாடத்துக்கு எழுதும் வணிகத் திட்டத்தில் மதிப்பெண் எதனால் போகிறது?

பெரும்பாலும் விற்பனைக் கணிப்பால்தான். துணிப்பை தைத்து விற்கும் ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் 50,000 பேர், அதில் 2 சதவீதம் பேர் வாங்கினால் மாதம் 1,000 பை என்று எழுதியிருப்பார்கள். அந்த 2 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. உற்பத்திப் பகுதிக்குப் போனால் ஒரே தையல் இயந்திரம், ஒரே ஆள். நாளுக்கு 8 பை, 25 நாள் வேலை என்றால் 200 பைதான் வரும். லாபக் கணக்கு மொத்தமும் அங்கேயே சரிகிறது.

அதனால் 200-இல் தொடங்குங்கள். எத்தனை கடைகளில் கேட்டீர்கள், எத்தனை பேர் வாங்கச் சம்மதித்தார்கள் என்று எழுதுங்கள். கடைக்காரர் 60 நாள் கடன் கேட்டால், அதுவரை துணிக்கும் கூலிக்கும் பணம் எது என்பதைப் பணப்புழக்க அட்டவணை காட்ட வேண்டும்.