படம் மட்டும் வந்தால்: பல் மருத்துவரின் பதில்கள்

இந்த முறை எனக்கு வந்த கேள்விகளில் பல, திறந்த வாயின் படம் மட்டும்தான். ஒரு வரி எழுத்துகூட இல்லை. வலியோடு இருப்பவருக்கு எழுதத் தோன்றாது என்பது எனக்குப் புரிகிறது. அதனால் படத்தில் என்ன தெரிந்தது, அதை வைத்து எதுவரை சொல்ல முடிந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

படம் 1: மேல் முன்பற்களுக்கு மேலே, ஈறில் பரு போல ஒரு சிறு கொப்புளம்

இதைப் பார்த்ததும் ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். உள்ளே எங்கோ சீழ் சேர்ந்திருக்கிறது, அது வெளியேற வழி கண்டுபிடித்த இடம் இது. சீழ் வடிந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் ஏறுவதில்லை, வலியும் பெரிதாக இருக்காது. வலி இல்லாததால் பலர் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதைப் படம் சொல்லாது. சீழ் எலும்புக்குள் தடை குறைந்த வழியில் போகும். அதனால் கொப்புளம் பக்கத்துப் பல்லுக்கு மேலேயும் திறக்கலாம். அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "முன்பல்லில் எப்போதாவது அடிபட்டதா?" சில வருடங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தாராம். அதன்பிறகு படத்தை மறுபடி பார்த்தபோது, கொப்புளத்துக்குக் கீழே இருந்த பல் வெள்ளையாகவும், அதற்கு அடுத்த பல் லேசாகச் சாம்பல் நிறமாகவும் தெரிந்தது. அதுவரை அதை நிழல் என்றே நினைத்திருந்தேன்.

அவரை நேரில் வரச் சொன்னேன். குளிர்ச்சி வைத்துப் பார்த்தபோது வெள்ளைப் பல் உடனே உணர்ந்தது, சாம்பல் பல் உணரவில்லை. கொப்புளத்தின் துளை வழியாக, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மெல்லிய ரப்பர் போன்ற குச்சியை மெதுவாக நுழைத்து எக்ஸ்ரே எடுத்தோம். குச்சி வளைந்து போய்ச் சாம்பல் பல்லின் வேர் நுனியில் நின்றது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் உயிருள்ள பல்லைத் துளைத்திருப்போம். வேர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் கொப்புளம் தானாக மறைந்தது.

இந்த மாதிரிக் கொப்புளத்துக்கு ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இறந்த பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து அங்கே போய்ச் சேராது. கொப்புளம் வற்றும், அப்புறம் மீண்டும் வரும்.

படம் 2: சுத்தமான கீழ்க் கடைவாய்ப் பல், ஒரு விரல் அதைச் சுட்டிக்காட்டுகிறது

படத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு பற்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் வரும் சொத்தை மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. மெல்லிய விரிசலும் அப்படித்தான். மேல் பல்லின் வலி கீழ்ப் பல்லில் இருப்பது போலத் தோன்றுவதும் உண்டு. விரல் காட்டும் இடம்கூடத் தவறாக இருக்கலாம்.

இங்கே எனக்குப் படத்தைவிட மூன்று பதில்கள் உதவும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் சில நொடிகளில் அடங்குகிறதா, நீடிக்கிறதா? இரவில் வலி தானாக எழுப்புகிறதா? கடிக்கும்போதா, கடித்து விடும்போதா சுருக்கென்கிறது? கூச்சம் உடனே அடங்கினால், நரம்பைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்பு இருக்கிறது. நிமிடக்கணக்கில் நீடித்தாலோ தூக்கத்தில் எழுப்பினாலோ நரம்பு மீளாத நிலைக்குப் போயிருக்கலாம். விடும்போது சுருக்கென்றால் விரிசலைச் சந்தேகிப்பேன்.

படம் 3: ஈறில் வெள்ளைத் திட்டு

வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஆஸ்பிரின் மாத்திரை ஈறைச் சுட்டுவிடும். கிராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றினாலும் அப்படியே. நிறுத்தினால் ஆறிவிடும். காரணமே இல்லாத வெள்ளைத் திட்டு இரண்டு வாரம் தாண்டினால் நேரில் காட்ட வேண்டும்.

படம் 4: ஞானப்பல் பக்கம் சிவந்த ஈறு, தாடைக்குக் கீழே வீக்கம்

இவருக்குப் பதில் எழுதவில்லை, உடனே அழைத்தேன். பாதி முளைத்த ஞானப்பல்லை மூடிய ஈறு வீங்குவது சாதாரணம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து, ஓரிரு நாளில் மருத்துவரிடம் போகலாம். ஆனால் தாடைக்கு அடியில் வீக்கம் பரவுவது வேறு விஷயம். எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்குகிறது, குரல் மாறுகிறது, வாய் திறக்க முடியவில்லை, மூச்சு சிரமம் என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும். இந்த அறிகுறிகளில் பல படத்தில் தெரியாதவை. அவர் பேசிய குரலைக் கேட்டதும்தான் எனக்குக் கவலை வந்தது. அப்போதே கிளம்பச் சொன்னேன்.

படம் எப்படி எடுப்பது?

பின்பக்கக் கேமராவில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கரண்டியின் பின்புறத்தால் கன்னத்தை விலக்கிப் பிடியுங்கள். வலியில்லாத எதிர்ப் பக்கத்தையும், முகத்தை நேராகவும் ஒரு படம் எடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் வீக்கம் புரியும். சில போன்களில் செல்ஃபி கேமரா இடத்தை வலமாகத் திருப்பிவிடும். அதனால் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.