மருத்துவர், ஆசிரியர், பட்டதாரி: எந்த வென் படம் பொருந்தும்?

"எல்லா மருத்துவர்களும் பட்டதாரிகள். சில ஆசிரியர்கள் மருத்துவர்கள். சில ஆசிரியர்கள் பட்டதாரிகள் அல்லர். இதற்கு எந்த வென் படம் சரி?"

'எல்லா' என்று வரும் வாக்கியத்தை முதலில் வரையுங்கள். பட்டதாரி வட்டத்துக்குள் மருத்துவர் வட்டம் முழுசாக அடங்கும். அடுத்து, ஆசிரியர் வட்டம் மருத்துவர் வட்டத்தை வெட்ட வேண்டும். வெட்டினாலே பட்டதாரி வட்டத்துக்குள்ளும் அது வந்துவிடும்.

விடையை முடிவு செய்வது மூன்றாவது வாக்கியம்தான். ஆசிரியர் வட்டத்தின் ஒரு பகுதி பெரிய வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள், எல்லாம் உள்ளேயே அடங்கிய படத்தைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால், பட்டம் பெறாத ஓவிய ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அவருக்கு இடம் இல்லையென்றால் அது தவறான விடை.

வாக்கியங்கள் இல்லாமல் 'மருத்துவர், ஆசிரியர், பெண்கள்' என்று பெயர்கள் மட்டும் வந்தால் உலக நடப்பைப் பாருங்கள். அங்கே மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும்.