விளம்பரத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கத்தல்?

“நாடகம் பார்க்கும்போது சத்தம் போதாது, விளம்பரம் வந்தால் வீடே அதிர்கிறது. ரீவியில் Auto Volume போட்டால் பாட்டு நிகழ்ச்சி அமுங்கிக் கேட்கிறது. ஏன் இப்படி, என்ன செய்யலாம்?”

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தினமும் இரவு ஏழரைக்குத் தொடங்கும். அம்மம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். திருகோணமலை வெக்கைக்குக் கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கும், தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் சுற்றும். நாடகத்தில் மாமியார் முணுமுணுப்பது அந்த இரைச்சலைத் தாண்டி வராது. அம்மம்மா ரிமோட்டை எடுத்து 34 வரைக்கும் ஏற்றுவார். ஐந்து நிமிடத்தில் சவர்க்கார விளம்பரம் வரும், பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பிவிடும்.

நான் கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். ஒருநாள் கோபத்தில், ரீவிக்குச் சனல்களைக் கொண்டுவரும் பெட்டியிலிருந்து லப்டொப்புக்கு வயர் போட்டு அரை மணி நேரத்தைப் பதிவு செய்தேன். நாடகத்தை ஒரு கோப்பாகவும் விளம்பரங்களை இன்னொரு கோப்பாகவும் வெட்டி, இரண்டையும் அளந்து பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் ffmpeg போதும்:

```
ffmpeg -i natakam.wav -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் சுருக்கத்தில் Peak என்பது அலை தொட்ட அதிகபட்ச உயரம். I என்பது முழுத் துண்டும் காதுக்கு எவ்வளவு உரப்பாகக் கேட்கும் என்ற சராசரி, அதன் அலகு LUFS. அந்த எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர உரப்பு கூடும், ஒரு LUFS ஏறுவது ஒரு டெசிபல் ஏறுவதற்குச் சமம். Peak இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முழு அளவுக்கு 2 டெசிபல் கீழே நின்றது. ஆனால் I நாடகத்துக்கு -27, விளம்பரத்துக்கு -16. பதினொரு டெசிபல் வித்தியாசம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும் என்பது ஒலிக்காரர்களின் பழைய கணக்கு.

ஆக, விளம்பரக்காரர் உச்சத்தைக் கூட்டவில்லை, பள்ளங்களை நிரப்பிவிட்டார். நாடகத்தில் ஒரு கன்னத்தில் அறை உச்சத்தைத் தொடும், மற்ற நேரமெல்லாம் பேச்சு கீழே கிடக்கும். விளம்பரத்தில் குரலைக் கொம்ப்ரெஸர் என்ற கருவிக்குள் விட்டு, மேலே எழுகிற இடங்களை அமுக்கி, பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடுவார்கள். பேசுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில்கூட இசை நிரம்பியிருக்கும். உச்சத்தை மட்டும் பார்த்துக் கட்டுப்படுத்துகிற ஒரு நிலையத்துக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இதனால்தான் காது கேட்கிற விதத்துக்குப் பக்கத்தில் போகும் அளவுமுறை ஒன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் சராசரி -23 என்று தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த அளவை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. சராசரி என்பது முழு நிகழ்ச்சிக்கும். இடைவேளைக்கு முன்னால் வருவது பெரும்பாலும் யாரோ அழுது குசுகுசுக்கும் காட்சி. அது -33இல் கிடக்கும்போது பக்கத்தில் -23 விளம்பரம் வந்தால் அதுவும் கத்தலாகத்தான் கேட்கும்.

சரி, Auto Volume என்ன செய்கிறது? ரிமோட்டில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடினால் சட்டென்று குறைப்பார். சத்தம் குறைந்தால் இரண்டு மூன்று விநாடி பொறுத்து மெதுவாகக் கூட்டுவார். இறக்கம் வேகமாகவும் ஏற்றம் மெதுவாகவும் இருப்பது வேண்டுமென்றேதான், இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் சத்தம் ஆடும். விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பும்போது முதல் வசனம் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்டுப் பிறகு ஏறுவது இதனால்தான்.

அந்த ஆளுக்கு இது நாடகமா, விளம்பரமா, கச்சேரியா என்று தெரியாது. சத்தத்தின் அளவு மட்டும்தான் தெரியும். போன வருடம் ஒரு கோயில் திருவிழாவின் நேரடி ஒளிபரப்பை அந்த வசதியோடு பார்த்தேன். நாதஸ்வரக்காரர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கிறார், தவில் ஒரு பலமான அடி போடுகிறது. அடி விழுந்தவுடன் ரீவி மொத்தச் சத்தத்தையும் கீழே தள்ளுகிறது. தவில் அந்த நொடியே முடிந்துவிட்டது, கீழே போனது நாதஸ்வரம். பிறகு அது மெல்ல மெல்ல ஊதிப் பெருகுகிறது. அடுத்த அடி, மறுபடி பள்ளம். சுரம் அசையாமல் நிற்கிறது, ஆனால் நமக்கு யாரோ கதவைத் திறந்து மூடுவது போலக் கேட்கிறது. தவில் அடியின் முனையும் மழுங்கிவிடுகிறது. நேரில் கேட்டவனுக்கு அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. நீங்கள் சொல்கிற ‘அமுங்கல்’ இதுதான்.

உங்கள் ரீவியில் இது வேலை செய்கிறதா என்று பார்க்க, பேச்சு நின்று மௌனமாகும் காட்சியைக் கவனியுங்கள். ஒலிவாங்கியின் ‘உஸ்’ சத்தமோ பின்னணிக் காற்றோ தானாகப் பெருகி வந்தால், விரல் ரிமோட்டில் இருக்கிறது. கிரிக்கெட்டில் வர்ணனையாளர் வாயை மூடியதும் கூட்டத்தின் இரைச்சல் வீங்குவதும் அதே கதைதான்.

யூடியூப்பிலும் பாட்டுச் செயலிகளிலும் இருக்கிற ‘சமப்படுத்தல்’ எல்லாவற்றையும் இதோடு சேர்த்துத் திட்ட வேண்டாம். ஒரு பாட்டு முழுவதையும் முன்கூட்டியே அளந்து, தொடக்கத்தில் ஒரே தடவை இத்தனை டெசிபல் குறை என்று வைத்துவிடுவது ஒரு வகை. அதில் பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், நீங்களே ரிமோட்டை ஒரு தரம் அழுத்தியதற்குச் சமம். யூடியூப்பில் Stable volume என்று தனியாக ஒன்று உண்டு, அது உள்ளே புகுந்து ஏற்றி இறக்குகிற வகை. கச்சேரிக்கு அதை அணைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் செய்தது இதுதான். ரீவியின் ஒலிப் பட்டியலில் பேச்சைத் தெளிவாக்கும் ஒரு தெரிவு இருந்தது, பெயர் ஒவ்வொரு கம்பனிக்கும் மாறும். அது எழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் நடு, மேல் ஒலிகளைத் தூக்குகிறது. அப்புறம் ஒரு சின்ன ஸ்பீக்கரை வயரில் இழுத்து அம்மம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். காதுக்குப் பக்கத்தில் பேச்சு வந்ததால் ஃபேன் தோற்றுவிட்டது. ரீவியின் எண் 34இலிருந்து 22க்கு இறங்கியது. விளம்பரம் இப்போதும் பெரிதாகத்தான் வருகிறது, ஆனால் 22இல் அது சுவரைத் தாண்டுவதில்லை.

நாடகத்துக்கு Auto Volumeஐயும் விட்டுவைத்திருக்கிறேன். வயதான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூடினாலோ உடனே எரிச்சலாகும். நடுவில் இருக்கும் இடம் குறுகலானது. அப்படிப்பட்ட காதுக்கு ஒலியைச் சுருக்கித் தருவது உதவி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சனல் கொண்டுவரும் பெட்டியிலும் இதே வேலையைச் செய்யும் Night mode என்று ஒன்று இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போட வேண்டாம். ஒருவர் குறைத்ததை மற்றவர் கூட்ட, இரண்டு பேர் ஒரே ரிமோட்டுக்கு அடிபடுவது போல ஆகும். நாங்கள் பெட்டியில் இருந்ததை அணைத்தோம். திருவிழா ஒளிபரப்பு வந்தால் ரீவியில் இருப்பதையும் நான் எழும்பிப் போய் அணைப்பேன். நாடகம் தொடங்க முன் திரும்பப் போட மறந்தால் அம்மம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும்.