மூன்றில் தோற்றவனுக்கு 2 என்று வருகிறது

"எக்செல் மதிப்பெண் பட்டியலில், தோற்ற பாடங்களை எண்ண =COUNTIF(B2:F2,"<35") போட்டேன். மூன்று பாடத்தில் தோற்ற பையனுக்கு 2 என்று காட்டி, துணைத்தேர்வு என்கிறது. எங்கள் விதிப்படி இரண்டு பாடம் வரைதான் துணைத்தேர்வு."

தோற்றதை எண்ணாதீர்கள், தேறியதை எண்ணி ஐந்திலிருந்து கழியுங்கள். G2-வில் முதல் வரி, H2-வில் இரண்டாவது:

```
=5-COUNTIF(B2:F2,">=35")
=IF(G2=0,"தேர்ச்சி",IF(G2<=2,"துணைத்தேர்வு","தோல்வி"))
```

அந்தப் பையன் ஒரு தேர்வுக்கு வராமல், அங்கே AB என்று போட்டிருப்பீர்கள். அது எழுத்து, 35-க்குக் கீழ் என்ற கணக்கில் சேராது. 28, 31, AB என்றிருந்தால் 2 தான் வரும்.

சந்தேகமிருந்தால் அந்த வரிசையில் `=COUNT(B2:F2)` போட்டுப் பாருங்கள். 5 வராவிட்டால் எங்கோ எண் இல்லை.

ஒன்று மட்டும் கவனம்: மதிப்பெண் இன்னும் ஏற்றாத காலிக் கட்டமும் இப்போது தோல்வியாகிவிடும். எல்லாம் ஏற்றிய பிறகே பட்டியலை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பெற்றோர் வாசலில் நிற்பார்கள்.