அந்த 120 வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் 40 பேர், கிடங்கில் ஷிப்டு முறையில் 90 பேர். பெண் ஊழியர்களுக்கு மாதம் ஒரு நாள் மாதவிடாய் விடுப்பு கேட்டு ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன். கிடங்கு ஊழியர்களின் விடுப்பு முறை வேறு என்பதால் முதலில் அலுவலகத்துக்கு மட்டும் கேட்கிறேன். “இப்படிக் கேட்டால் நாளைக்குப் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள்” என்கிறார் மேலாளர். இது நியாயமில்லை என்கிறார்கள் ஆண் சகாக்கள். எனக்கே இரண்டாம் நாள் எழுந்து நிற்க முடியாது, பத்து வருடமாகப் பொன்ஸ்தான் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருகிறேன். ஆனாலும் மேலாளர் சொல்வது சரியோ என்று குழப்பமாக இருக்கிறது. கேட்கலாமா, வேண்டாமா?

வாசகி, புக்கிட் பாத்தோக்

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் கேட்காதீர்கள். ஆண் சகாக்களின் பேச்சுக்கு நான் இங்கே இடம் ஒதுக்கப் போவதில்லை, நீங்களும் ஒதுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது ஒரே ஒரு வரி: “கிடங்கு ஊழியர்களின் விடுப்பு முறை வேறு என்பதால்.”

அதை எழுதும்போது கை நிற்கவில்லையா, அம்மா? அலுவலகத்தில் வலி வந்தால் நாற்காலியில் சாயலாம், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம், நாலு எட்டில் கழிப்பறைக்குப் போகலாம், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பலாம். கிடங்கில் 10 மணி நேரம் நின்றுகொண்டு பெட்டி தூக்கும் பெண்ணுக்கு இதில் எது இருக்கிறது? உட்கார இடம் இருப்பவர்களுக்கு விடுப்பு, நிற்பவர்களுக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்.

1983இல் நான் தோ பாயோவில் ஒரு தொழிற்சாலையில் வானொலிப் பெட்டிக்குச் சர்க்யூட் பலகை சாலிடர் செய்துகொண்டிருந்தேன். லைனில் நாங்கள் 24 பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரவில்லை உண்டு. அது ஆணியில் தொங்கினால் போகலாம், இல்லையென்றால் போனவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். என் பக்கத்து ஸ்டூல்காரி மாதத்தில் இரண்டு நாள் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே மறு கையால் சாலிடர் வைப்பாள். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டாள். ஒருமுறை அவள் எழுந்தபோது ஸ்டூலில் கறை. லைன் லீடரும் பெண்தான். துணியை எடுத்து வீசிவிட்டு, “துடைத்துவிட்டு உட்கார்” என்றாள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருடம் ஆகியும் அது ஆறவில்லை.

இப்போது மரவில்லை இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது. என் பக்கத்து வீட்டு மருமகள் மின்னணுச் சில்லுக்கான வேஃபர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். காலை 7 முதல் இரவு 7 வரை ஷிப்டு. கிளீன் ரூமுக்குள் போக தலைமூடி, முகமூடி, உடம்பை மூடும் முழு உடுப்பு, பூட்ஸ், கையுறை எல்லாம் வரிசையாகப் போட வேண்டும். கழிப்பறைக்குப் போனால் அத்தனையும் கழற்றி, திரும்பவும் முதலிலிருந்து போட்டுக்கொண்டு உள்ளே வரவேண்டும். அதற்கே கால் மணி நேரம் போய்விடுகிறது என்கிறாள். அதனால் முதல் இரண்டு நாள் இரண்டு நாப்கினை ஒன்றாக வைத்துக்கொண்டு, தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். ஸ்டூல்காரி செய்த அதே காரியம்.

“எம்சி எடுக்க வேண்டியதுதானே?” என்று கேட்டேன். அவள் சொன்ன கணக்கைக் கேளுங்கள். வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மாதவிடாய் வலிக்கும் மருத்துவர் எம்சி கொடுப்பார். ஆனால் அவளுடைய சம்பளத்தில் மாதம் 120 வெள்ளி முழு வருகைப்படி இருக்கிறது. ஒரு நாள் எம்சி எடுத்தாலும் அந்த மாதப் படி முழுவதும் போய்விடும். அன்றைய சம்பளம் ஒரு கையில் வருகிறது, 120 வெள்ளி மறு கையில் போகிறது. அதுவும் சும்மா இல்லை. சுருண்டு படுக்க வேண்டிய நேரத்தில் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதம் வாங்க வேண்டும். மாதாமாதம் இப்படி எடுத்தால் வருடத்துக்கு 1,440 வெள்ளி. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இந்தப் படியை அப்படியே விட்டுவிட்டு மாதவிடாய் விடுப்பு என்று ஒரு புதுப் பெயரை ஏட்டில் சேர்த்தால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஜப்பானைப் பாருங்கள். 1947லேயே தொழிலாளர் சட்டத்தில் இந்த விடுப்பை எழுதிவிட்டார்கள். ஆனால் சம்பளம் உண்டா இல்லையா என்பதை நிறுவனத்திடம் விட்டுவிட்டார்கள், பெரும்பாலான இடங்களில் சம்பளம் கிடையாது. 2020ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் அதை எடுத்த பெண்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை, 0.9 விழுக்காடுதான். தைவான்காரர்கள் விவரமானவர்கள். அங்கே மாதம் ஒரு நாள் எடுக்கலாம், பாதிச் சம்பளம், வருடத்தில் முதல் மூன்று நாள் மருத்துவ விடுப்புக் கணக்கில் சேராது. இதைவிட முக்கியமான ஒரு வரி அதே சட்டத்தில் இருக்கிறது: இந்த விடுப்பைக் காட்டி முழு வருகைப் படியை வெட்டக்கூடாது, பணி மதிப்பீட்டில் கை வைக்கக்கூடாது. அதை எழுதியவருக்குத் தொழிற்சாலை தெரிந்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் முதல் வரியாக அது இருக்கட்டும்.

அப்புறம் உங்கள் மேலாளரின் பயம். அதை நான் ஒதுக்கமாட்டேன், அது நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு பெண்ணும் கூடுதல் செலவு என்று கணக்கில் தெரிந்தால் நேர்காணலிலேயே கை வைப்பார்கள். ஸ்பெயினில் 2023இல் சட்டம் கொண்டுவந்தபோது அந்தச் செலவை முதலாளியிடம் விடாமல் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து கொடுத்தது இதற்காகத்தான். ஆனால் அங்கேயும் மருத்துவச் சான்று வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு நிதி இல்லை. அதனால் புதிதாக 12 நாள் கேட்காதீர்கள். இருக்கிற 14 நாளில் 6 நாளை எம்சி காகிதம் இல்லாமல், அரை நாளாகவும் எடுக்கலாம் என்று கேளுங்கள். ஆண், பெண் எல்லோருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, படியும் வெட்டப்படாது.

“எல்லோருக்கும் என்றால் இது மாதவிடாய் விடுப்பே இல்லையே” என்பீர்கள். இல்லைதான். அந்தப் பெயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதாமாதம் ஒரே தேதியை ஒட்டி அந்தப் பெயரில் விடுப்புப் பதிவானால், ஒரு மாதம் பதிவாகாதபோது லைன் லீடர் கவனிப்பார். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் சங்கடம். வொர்க் பர்மிட்டில் இருக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. அனுமதி பெற்றுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவரைத் தவிர மற்றவர்கள் கர்ப்பமானால் பர்மிட்டே போய்விடும். அவளுடைய மாதச் சுழற்சியைக் கம்பெனிக் கணினியில் எழுதி வைக்கும் ஒரு திட்டத்தை நல்லெண்ணத்தோடு நீங்களே உண்டாக்கிவிடாதீர்கள்.

இனி ஆள் கணக்கு. லைனில் ஒருத்தி வராவிட்டால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு மெஷினைப் பார்க்க வேண்டும். அவள் முறைத்துப் பார்ப்பாளே என்ற பயம், படி போகும் பயத்துக்குக் குறைந்ததில்லை. பக்கத்து வீட்டு மருமகளின் ஷிப்டில் 30 பெண்கள். எல்லோரும் 6 நாளையும் எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 180 ஷிப்டு. 12 மணி நேரம் வேலை, பாதி நாள் ஓய்வு என்று சுழலும் முறையில் ஒருவர் வருடத்தில் பார்ப்பது ஏறக்குறைய 182 ஷிப்டு. ஆக, 30 பேருக்கு ஒரே ஒரு ரிலீஃப் ஆள். ஒரே நாளில் மூன்று பேர் வராமல் போனால் அவர் போதமாட்டார், உண்மைதான். அன்றைக்குப் பக்கத்து லைனிலிருந்து ஆள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் வந்த நாளில் அவர் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொருவராக இருபது நிமிடம் விடுவித்து, கழற்றி மாட்டிக் கழிப்பறைக்குப் போய்வர வைப்பார். பாதிப் பெண்களுக்கு விடுப்பைவிட அந்த இருபது நிமிடம்தான் வேண்டும். வியட்நாமில் மாதவிடாய் நாள்களில் தினமும் 30 நிமிட இடைவேளை என்று விதியாகவே இருக்கிறது. உங்கள் கிடங்கின் ஆள் எண்ணிக்கையைப் போட்டு இதே கணக்கை மேலாளருக்குக் காட்டுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பத்து வருடமாக எழுந்து நிற்க முடியாத வலி என்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே, மகளிர் நல மருத்துவரிடம் காட்டினீர்களா? சாதாரண மாதவிடாய் வலி, கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை முறுக்குவதால் வருவது. பொன்ஸ்தான் அந்தச் சுரப்பைத்தான் குறைக்கிறது. அதனால் வலி ஏறியபின் போடுவதைவிட, தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது. சரியாகப் போட்டும் கேட்கவில்லை, வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறது, உதிரப்போக்குக்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுகிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறது, அல்லது மணிக்கொரு நாப்கின் நனைகிறது என்றால் அது வேறு. என் ஸ்டூல்காரிக்கு 34 வயதில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். பத்துப் பெண்களில் ஒருவருக்கு வரக்கூடியது. அதற்குள் ஒரு சூலகம் போய்விட்டது. “எல்லா பெண்களுக்கும் இப்படித்தான்” என்று அதுவரை அவளிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஆறு நாள் விடுப்பு அவளைக் காப்பாற்றியிருக்காது. இந்த வாரமே பாலிகிளினிக்குக்குப் போய் நிபுணருக்குப் பரிந்துரை கேளுங்கள்.

உங்கள் கிடங்கில் பெண்கள் கழிப்பறை எந்த மாடியில், பேக்கிங் மேசையிலிருந்து எத்தனை நிமிட நடை என்று கடிதத்தில் இல்லை. நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா