சுற்றோட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளை

"தரம் 8. உடம்பு பெருத்த பிள்ளையொன்று ஓட்டம் என்றாலே வயிற்றுவலி என்று வேம்படியில் இருந்துவிடுகிறா. என்ன செய்யலாம்?"

சுற்றோட்டத்தை விட்டுவிட்டு, போய்த் திரும்பும் ஓட்டம் வையுங்கோ, முழு வகுப்புக்கும். எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து 15 விநாடி தங்கள் வேகத்தில் நேரே போகட்டும், நடந்தாலும் சரி. விசில் கேட்டதும் அந்தந்த இடத்திலேயே திரும்பி அதே வேகத்தில் வரவேணும். கூடத் தூரம் போனவருக்குத் திரும்பும் தூரமும் கூட. அதனால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் கோட்டுக்கு வருவினம். 1 நிமிட ஓய்வு விட்டு 5 தரம் செய்யலாம். முதல் தரம் எல்லாரையும் நடக்க விடுங்கோ. எடுத்ததும் பாய்கிற பிள்ளை களைத்து, திரும்பும்போது பிந்திவிடும்.

வயிற்றுவலிக்குக் காரணம் ஓட்டமாக இல்லாமலும் இருக்கலாம். முடித்தவர்கள் நின்று பார்க்க, கடைசிச் சுற்றைத் தனியாக ஓடும் கூச்சமாகவும் இருக்கலாம். இந்த முறை வைக்கும் நாளில் வந்து, சுற்றோட்ட நாளில் மட்டும் ஒதுங்கினால் அந்தக் கூச்சமே காரணமாக இருக்கக்கூடும். "நீயும் வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ, தனியாகக் கைதட்டவும் வேண்டாம்.

வன்னி வெயிலுக்கு இதைக் காலைப் பாடவேளையில் வைப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் கவனியுங்கோ: பிள்ளை நொண்டினாலோ, இடுப்பு, தொடை, முழங்கால் நோகுது என்றாலோ சாட்டென்று எண்ணாதேங்கோ. பருமனான பதின்வயதினருக்கு இடுப்பு மூட்டு எலும்பு நழுவக்கூடும், நோவு முழங்காலில் மட்டும் தெரியலாம். ஓட விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெற்றோரிடம் சொல்லுங்கோ.